குத்தூசிக் கை

என் வலது கையை நம்பித்தான் இருபத்தைந்து வருஷம் பிழைத்திருக்கிறேன். போடிநாயக்கனூரில் ஒரு மலைச்சரக்குக் குடோனில் எனக்குச் சரக்குப் பார்க்கிற வேலை. ஏலக்காய் மூட்டை வந்தால் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் காதருகே குலுக்குவேன். உள்ளே விதை கலகலவென்று ஆடினால் காய்ச்சல் சரி, ஊமையாக இருந்தால் இன்னும் ஈரம். மிளகுக்கும் காப்பிக்கொட்டைக்கும் மூட்டையை அவிழ்க்க மாட்டோம். அதற்குக் குத்தூசி இருக்கிறது. முனை கூராக, நடுவில் பள்ளம் விட்ட இரும்புத் துண்டு அது. சாக்கில் குத்தித் திருகி இழுத்தால் பள்ளம் நிறையச் சரக்கு வந்துவிடும். பிறகு அதே முனையால் குத்திய இடத்தை இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் சணல் நூல் ஒன்றோடொன்று கூடிக்கொள்ளும். குத்து வாங்கியது மூட்டைக்கே தெரியாது.

அந்தத் தேய்ப்பு என் கையில் ஊறிப்போன பழக்கம். அதனால்தான் என் மனைவியின் விதைச் சோளம் சாகப் பார்த்தது.

எங்கள் ஊர் சிலமலை. நான் காலையில் போடிக்குப் போய்விட்டால் மானாவாரி நிலம் ஒன்றரை ஏக்கர் அவள் கையில். அவள் விதைப்பது இருங்குச் சோளம். கருஞ்சிவப்பாக, சின்னதாக, வறட்சிக்கு அசையாமல் நிற்கிற சோளம். புரட்டாசி மழையை நம்பி விதைப்பாள், மாசிக்குள் களத்துக்கு வந்துவிடும். அடுத்த புரட்டாசி வரை விதையைக் காப்பாற்ற வேண்டும். ஏழு மாதம். விளைய வைப்பதைவிட அந்த ஏழு மாதம்தான் கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

முந்தின வருஷம் விதை மூட்டையைப் புரட்டாசியில் அவிழ்த்தோம். கையை விட்டேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்ட சூடு என்று நினைத்தேன், ஆனால் மூட்டை இருந்தது சுவர் ஓரத்து நிழலில். கையை எடுத்தால் முழங்கை வரை மாவு, மாவுக்குள் வண்டு. எள்ளைவிடப் பெரிய உடம்பு, யானைத் துதிக்கை மாதிரி முன்னால் நீண்ட மூக்கு. ஆயிரக்கணக்கில் இருந்த அத்தனையும் மூச்சு விட்டு, நடந்து, தின்று உண்டாக்கின சூடு அது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவள் சலித்துப் புடைத்து வெயிலில் காயப்போட்டாள். வண்டெல்லாம் ஓடிப்போனது. முழுசாகத் தெரிந்த மணிகளை மட்டும் பொறுக்கி விதைத்தாள். பத்துக்கு மூன்று முளைத்திருந்தால் அதிகம். காடு முழுக்கச் சொட்டை விழுந்திருந்தது.

அவளுடைய அண்ணன் வீட்டில் அதே சோளம் கொஞ்சம் இருந்தது. கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே சொன்னார்.

"ஆத்தா, இதுதான் கடைசி. நாங்க தென்னை வச்சுட்டோம். இனிமே எங்கிட்ட வந்து கேட்டாலும் இருக்காது. நீயும் விட்டுட்டா இந்தச் சோளம் இந்தப் பக்கம் இல்லன்னு வச்சுக்க."

அந்த விதையைப் போட்டோம். மழை தாமதமாக வந்தும் நன்றாக விளைந்தது. மாசியில் கதிர் அறுத்து, அடித்து, விதைக்கென்று இருபது இருபத்திரண்டு கிலோவை அவள் தனியாக எடுத்து வைத்தாள். மற்றது சாப்பாட்டுக்கு, சணல் சாக்கில். அந்த விதை போனால் போனதுதான். இனி யார் வீட்டுக் கதவைத் தட்டவும் இடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்ப் பெண்கள் குழுவுக்கு வேளாண்மைத் துறையிலிருந்து ஓர் ஆபீசரம்மா வந்தது. வயசு முப்பதுக்குள் இருக்கும். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே, "யார் வீட்டுலயாவது வண்டு விழுகாத சோளம் இருக்கா?" என்று கேட்டதாம். என் மனைவி ரோஷத்தோடு எங்கள் புதுச் சோளத்தை ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். ஒரு வண்டு கிடையாது, ஒரு ஓட்டை கிடையாது. அந்தப் பிள்ளை அதைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. அரை மணி கழித்து மெத்தென்று ஆன மணிகளை ஒவ்வொன்றாக நகத்தால் பிளந்து காட்டியிருக்கிறது.

சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் அவள் என்னையும் உட்காரவைத்து அதையே செய்தாள். பத்து மணி, இருபது மணி, ஒன்றும் இல்லை. "போதும் புள்ள, சோறு போடு" என்றேன். முப்பது தாண்டி ஒரு மணியைப் பிளந்தபோது உள்ளே ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள் பால் வெள்ளையில், காலே இல்லாமல், வில்லாக வளைந்து ஒரு புழு. வெளித்தோல் பளபளவென்று இருக்கிறது. உள்ளே பாதி வீடு காலி.

"இது எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டேன். இருபத்தைந்து வருஷம் மூட்டையும் சரக்கும் புழங்கினவன் கேட்கிற கேள்வியா என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

"போகல. அங்கதான் பொறந்துச்சு" என்றாள். ஆபீசரம்மா சொன்னதை அவள் அப்படியே ஒப்பித்தாள். தாய் வண்டு அந்த மூக்கால் மணியில் துளை போடும். ஒரு துளைக்கு ஒரு முட்டை. வைத்ததும் தன் உடம்பிலிருந்து வரும் பசையால் துளையை மூடிவிடும். மூடின இடம் நம் கண்ணுக்குத் தெரியாது. முட்டை பொரிந்து புழுவாகி, அந்த மணிக்குள்ளேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாக உறங்கி, வண்டாகிக் கடைசியில் சுவரைக் கடித்துத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வெயில் காலத்தில் ஒரு மாதம், ஒன்றே கால் மாதம். ஒரு தாய் இப்படி நூற்றுக்கணக்கில் வைக்கும். காட்டில் கதிர் நிற்கும்போதே வந்து வைத்துவிட்டுப் போகிறதும் உண்டு.

நான் அந்தப் புழுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அருவருப்பு வரவில்லை. பயமும் வியப்பும் கலந்த ஏதோ ஒன்று வந்தது. ஒரு சோள மணி எவ்வளவு? அதற்குள் பிறந்து, வளர்ந்து, தூங்கி, உருமாறி, கதவு திறந்து வெளியே வருகிறதே! முந்தின வருஷம் வெயிலில் காயப்போட்டு வண்டை விரட்டி விட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்தோமே, ஓடிப்போனது வளர்ந்தவைதான். குழந்தைகளெல்லாம் முழுசாகத் தெரிந்த மணிக்குள் இருந்தன. அதைத்தான் பொறுக்கிப் பொறுக்கி விதைத்திருக்கிறோம்.

அந்தப் பிள்ளை என் மனைவியிடம் ஒரு பையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. வெளியே ஒரு நெய்த சாக்கு. தானியத்தைப் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்து, ஒவ்வொரு பையையும் தனித்தனியாக இறுக்கிக் கட்ட வேண்டும். வெளியிலிருந்து காற்று உள்ளே போகாது. மருந்து கிடையாது, மாத்திரை கிடையாது.

"பிறகு எப்படிச் சாகும்?"

"அதுங்க மூச்சுத்தான் அதுங்களுக்கு எமன். உள்ள இருக்கிற காத்தை அதுங்களே மூச்சு விட்டுத் தீத்துரும். வண்டு அதிகமா இருந்தா வெரசாத் தீரும். கம்மியா இருந்தா மெதுவாத் தீரும். தீந்ததும் தின்கிறத நிறுத்திரும். தின்னா, மூச்சு விட்டாத்தான் அதுங்க உடம்புல தண்ணி ஊறுமாம். அது நின்னா காஞ்சு செத்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க குடோன்லயும் ஏலக்காய்க்கு உள்ள பிளாஸ்டிக் பை போடத்தான் செய்றோம். பச்ச நிறம் போகக்கூடாதுன்னு. இதுல என்ன புதுசு?" என்றேன். அது மெல்லிசுப் பை, இது வேறு என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. இன்னொரு சந்தேகம் மட்டும் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. மூச்சு அடைத்து வண்டு சாகும் என்றால் விதை? விதைக்கும் உயிர் இருக்கிறதே. அதுவும் சேர்ந்து சாகாதா? புழுங்கிப் போகாதா?

அதை அவள் கேட்டுவிட்டு வந்திருந்தாள். காய்ந்த விதை மூச்சே விடாத மாதிரி மெல்ல மூச்சு விட்டு உறங்கும், அதற்குக் கொஞ்சம் காற்றே போதும். ஈரமான விதை அப்படி இல்லை, மூச்சு வாங்கும், புழுங்கும், பூஞ்சை பிடிக்கும், செத்துப்போகும். அதனால் பைக்குள் போகும் முன் காய்ச்சல் சரியாக இருக்க வேண்டும். அது தவறினால் பையே எமன்.

"காய்ச்சல் பாக்கத்தான் நான் இருக்கேனே" என்றேன். ஒரு பிடி அள்ளினேன். குலுக்கினேன். கடைவாயில் ஒரு மணியை வைத்துக் கடித்தேன். டக்கென்று உடைந்தது. "காஞ்சிருச்சு. கட்டு."

அவள் கட்டவில்லை. சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கால்வாசி சோளம் போட்டாள். வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த பொடி உப்பை ஒரு பிடி போட்டு, மூடிக் குலுக்கி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்தாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பாட்டில் சுவர் முழுக்க உப்பு அப்பிக்கொண்டிருந்தது. சோளத்திலிருந்து வந்த ஈரத்தை உப்பு குடித்துவிட்டுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.

"உங்க பல்லுக்குத் தெரியாதது உப்புக்குத் தெரியுது" என்றாள்.

ஏலக்காய்க்குக் குலுக்கல் பொய் சொல்லாது, மிளகுக்குப் பல் பொய் சொல்லாது. ஆனால் சோளம் என் சரக்கு இல்லை. அன்றைக்கு அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, உப்பைக் குறை சொன்னேன். அவள் தார்ப்பாயை விரித்து மேலும் இரண்டு வெயில் காய்ச்சல் கொடுத்தாள். மறுபடியும் உப்பு, பாட்டில். இந்த முறை உப்பு ஒட்டாமல் பொலபொலவென்று அடியில் விழுந்தது. "உப்பு ஒட்டாட்டி மட்டும் போதாது, விதைக்கு இன்னும் ரெண்டு காய்ச்சல் வேணும்னு சொல்லுச்சு" என்று மறுபடியும் காயவைத்தாள். நிழலில் ஆறவிட்டு, சலித்து, ஒரு வண்டுகூட இல்லாத விதையைப் பையில் கொட்டி, அமுக்கி, முறுக்கி, மடித்துக் கட்டினாள். அடியில் இரண்டு பலகை, சுவருக்கும் பைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"புரட்டாசி வரைக்கும் இதைத் தொடக்கூடாது. அவுக்கவும் கூடாது, எட்டிப் பாக்கவும் கூடாது."

நான் அவிழ்க்கவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன்.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காட்டில் கட்டை பொறுக்கப் போயிருந்தாள். பங்குனி வெயில் கூரை ஓட்டைப் பிளந்தது. பிளாஸ்டிக்குக்குள் அடைத்துவைத்த விதை என்ன பாடு படுகிறதோ என்ற எண்ணம் எனக்கு. ஏலக்காயைச் சரியாகக் காயாமல் கட்டிவிட்டால் அடுத்த வாரம் எப்படி நாறும் என்று எனக்குத் தெரியும். பையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வெளிச் சாக்கைத் தொட்டேன். அவ்வளவுதான் நினைவு இருக்கிறது. அடுத்து என் சைக்கிள் பையிலிருந்த குத்தூசி என் கையில் இருந்தது. குத்தி, திருகி, இழுத்து, முனையால் இரண்டு தேய்ப்பும் தேய்த்துவிட்டேன். வெளிச்சாக்கின் நூல் அழகாகக் கூடிக்கொண்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மா சொன்னதில்லை.

உள்ளங்கையில் சோளத்தைக் கொட்டினேன். முகர்ந்தேன். புழுக்க வாடை இல்லை. சோளத்துக்கு நடுவில் நாலு வண்டு கிடந்தது. போடும்போது ஒன்றுகூட இல்லை, மணிக்குள் இருந்தவை கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கின்றன. காலை மடக்கிக்கொண்டு, அசையாமல், செத்துக் கிடந்தன. அந்தப் பிள்ளை சொன்னது நிஜம்தான். மருந்து வாடை இல்லாமல், கட்டின பைக்குள் அவையே காற்றைத் தீர்த்துக்கொண்டு செத்துப்போயிருக்கின்றன. வண்டைச் சோளத்தோடு ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்தேன், அவள் வந்ததும் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று.

அவள் விறகுக்கட்டை இறக்கிவைத்ததும் தட்டை நீட்டினேன். "பாத்தியா, உன் பை சரியா வேலை செய்யுது! அத்தனையும் செத்துக் கிடக்கு."

அவள் தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் தட்டைப் பார்த்தாள்.

"எங்க செத்துக் கிடக்கு?"

ஒரு வண்டு காலை நீட்டியது. நான் பார்க்கப் பார்க்க இன்னொன்று புரண்டு குப்புற விழுந்தது. முதல் வண்டு எழுந்து, மூக்கை ஆட்டி, ஒரு சோள மணியின் மேல் ஏறியது. நான்கில் மூன்று நடந்தது. செத்தது எழுந்து நடப்பதை நான் என் வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவை சாகவில்லை. மூச்சு இல்லாமல் மயங்கிக் கிடந்திருக்கின்றன. தட்டில் காற்றுப் பட்டதும் விழித்துக்கொண்டன.

காற்று தட்டுக்கு மட்டுமா போனது?

அது எனக்கு உறைப்பதற்கு முன் அவளுக்கு உறைத்துவிட்டது. பையிடம் ஓடினாள். வெளிச்சாக்கை விலக்கினாள். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பையிலும் குத்தூசி போட்ட ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சணலைப்போலப் பிளாஸ்டிக்குக்குத் தன் காயத்தை மூடிக்கொள்ளத் தெரியாது. நான் தேய்த்துவிட்டதெல்லாம் வெளிச்சாக்கை மட்டும்தான்.

"ஏங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "என் அண்ணன்கிட்ட இனிமே விதை இல்ல. தெரியும்ல?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பலகை மேல் பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அந்த ஆபீசரம்மாவுக்குப் போன் செய்தேன். நானே பேசினேன், அவள் பேச மறுத்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் சிரிப்பு வந்தது, உடனே அடங்கிவிட்டது.

"அண்ணே, சாக்குன்னு நெனச்சுக் குத்திட்டீங்களா? சரி. புதுப் பை வர நாளாகும். அதுக்குள்ள உள்ள மிச்சம் இருக்கிறதெல்லாம் வளர்ந்து முட்டை வச்சிரும், காத்திருக்க முடியாது. நல்லா மூடுற பிளாஸ்டிக் பாட்டில் இருந்தாலும் போதும். ஈரம் இல்லாமக் கழுவிக் காயவச்சு, கழுத்து வரைக்கும் நிரப்பி, மூடிய இறுக்குங்க. உள்ள காத்து எவ்வளவு கொறச்சலா இருக்கோ அவ்வளவு நல்லது."

அந்த வாரம் முழுக்க நான் பாட்டில் பொறுக்கினேன். கலர் சோடா வரும் ரெண்டு லிட்டர் பாட்டில், மூடி கெடாதது. போடியில் டீக்கடை, ஹோட்டல், கல்யாண மண்டபத்துப் பின்பக்கம். போடிமெட்டு ரோட்டில் ஏறுகிற ஜீப்பு டிரைவர் ஒருவர் வளைவுக்கு வளைவு சுற்றுலாக்காரர்கள் எறிந்துவிட்டுப் போனதை எனக்காகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். "என்னண்ணே, குடோன் வேலைய விட்டுட்டு பழைய சாமான் ஆக்ரி ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டார். ஒவ்வொன்றையும் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, மூடி போட்டு அமுக்கிப் பார்த்தேன். காற்றுச் சீறின பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். பதினாறு தேறியது.

விதையை மறுபடி சலித்து எழுந்தவற்றை நீக்கினாள். ஒரு காய்ச்சல் கொடுத்து ஆறவைத்தாள். நான் புனல் பிடித்தேன், அவள் ஊற்றினாள். பாட்டிலைத் தரையில் மெல்லத் தட்டத் தட்டச் சோளம் இறங்கும், மறுபடி ஊற்றுவாள். கழுத்து வரை நிரம்பியதும் மூடியை அவளே இறுக்கினாள். என்னைத் தொடவிடவில்லை. இருட்டான மூலையில், வெயிலும் எலியும் அண்டாத தகரப்பெட்டியில் வரிசையாக அடுக்கினாள்.

பெட்டியைத் திறக்க எனக்கு அனுமதி இருந்தது. மூடியைத் தொடத்தான் இல்லை. ஞாயிறுதோறும் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். முதல் வாரம் பாட்டில் சுவரோரம் இரண்டு மூன்று வண்டு, மணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் நகர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் எல்லாம் மேலே ஏறி மூடிக்கு அடியில் கூடியிருந்தன. எங்கே காற்று இருக்கும் என்று தேடிப்போன மாதிரி. அதற்கு அடுத்த வாரம் நடை குறைந்தது. பிறகு ஒரு ஞாயிறு பார்த்தால் அசைவே இல்லை. நான் ஏமாறவில்லை. செத்தது எழுந்து நடந்ததைப் பார்த்தவன் நான்.

அதே மாதத்தில் சாப்பாட்டுச் சோளம் இருந்த சணல் சாக்கில் காதை வைத்துக் கேட்டேன். மொறு மொறு என்று, தூரத்தில் சருகு மிதிபடுகிற மாதிரி, விடாமல் ஒரு சத்தம். எத்தனை ஆயிரம் வாய் சேர்ந்தால் ஒரு மனிதக் காதுக்கு எட்டும்! பாட்டிலில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. என் காதுக்குள் என் ரத்தம் ஓடும் சத்தம்தான் கேட்டது. அந்த அமைதிக்குள் வண்டோடு சேர்ந்து விதையும் போயிருந்தால்? பார்க்க வழியில்லை, குத்திப் பார்க்க வழியில்லை, கடித்துப் பார்க்க வழியில்லை. என் கைக்கு வேலை இல்லாத ஒரு காரியத்தில் மாட்டிக்கொண்டு ஆவணி வரை நான் காத்திருந்தேன். என்னை மாதிரி ஆளுக்கு அது லேசான தண்டனை இல்லை.

புரட்டாசி பிறந்தது. முதல் மழை மலையில் இறங்கி எங்கள் பக்கமும் தூறியது. அவள் ஒரே ஒரு பாட்டிலின் மூடியைத் திருகினாள். ஒரு கிண்ணத்தில் கொட்டினாள். வண்டு கிடந்தது, சருகாகக் காய்ந்து, தொட்டால் பொடியாகிற பதத்தில். அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு நூறு மணி எண்ணி, நனைத்த வேட்டித் துணியில் பரப்பிச் சுருட்டி, சட்டிக்குள் வைத்து மூடினாள். தினமும் காலையில் தண்ணீர் தெளித்தாள். நான் வேலைக்குப் போனேன், மிளகுக்குக் குத்தூசி போட்டேன், எதிலும் மனசு ஒட்டவில்லை. காய்ச்சல் என்ன என்று முதலாளி கேட்டதற்கு முளைப்பு தெரியவில்லை என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

நாலாம் நாள் காலை துணியை அவிழ்த்தாள். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். சுருள் பிரியப் பிரிய உள்ளே வெள்ளை வெள்ளையாக, நூல் மாதிரி வேர். அநேகமாக ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒன்று. அந்தப் பக்கம் பச்சை நாக்கு நீட்டிக்கொண்டு குருத்து. துணியின் நூலிழைக்குள் வேர் புகுந்து இழுத்தால் விடமாட்டேன் என்கிறது. அவள் வாய்க்குள் எண்ணினாள். தொண்ணூற்று மூன்று.

மீதி ஏழு ஊறி உப்பி, முளைக்காமல் கிடந்தது. அதை அவள் எறியவில்லை. ஒவ்வொன்றாக நகத்தில் பிளந்தாள். ஆறில் ஒன்றும் இல்லை, ஏதோ வலுவில்லாத மணிகள். ஏழாவதில் அந்தச் சின்ன அறை இருந்தது. அறைக்குள் புழு இருந்தது. பால் வெள்ளை போய், பழுப்பாகக் காய்ந்து, வெங்காயச் சருகின் கிழிசல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. முன்னால் இன்னும் பாதிச் சோளம் தின்னாமல் அப்படியே இருந்தது. தின்றுகொண்டிருந்த வாயை அங்கேயே நிறுத்தியிருக்கிறது.

ஒரே பாட்டில். ஒரே இருட்டு. உள்ளே கையளவு காற்று. அதைத் தின்று தீர்த்தது செத்துப்போனது. அதைத் தொடாமல் உறங்கினது ஆறு மாதம் கழித்து ஒரு ஈரத்துணி பட்டதும் கண் விழித்துவிட்டது. நான் கை கூப்பிவிட்டேன். எதைக் கும்பிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. துணியை மறுபடி சுருட்டி, முளைத்ததில் ஒன்றுகூட உடையாமல் சட்டிக்குள் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அழுறதுன்னா அப்புறம் அழுவுங்க" என்றாள். "டிராக்டர்காரருக்குப் போனப் போடுங்க. மழை ஈரம் காயிறதுக்குள்ள வெதைக்கணும்."

நான் போனைத் தேடிக்கொண்டு எழுந்தேன். நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். அவள் போனை என் கையிலிருந்து வாங்கி, தானே பேசினாள்.